பன்னிரண்டு அங்குலமும் ஒரு லேயர் கட்டும்

பெரியம்மாவுக்குக் கீமோ ஆரம்பித்த மூன்றாவது வாரம், தலையணை முழுக்க முடி. அதைப் பார்த்த பிறகுதான் விக் செய்ய முடி கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். 2021 ஜூன் மாதம். நான் விசாரித்த இடத்தில் குறைந்தது 12 அங்குலம் கேட்டார்கள். ப்ளீச் செய்த முடி வேண்டாம் என்றார்கள். எனக்கு அந்தச் சிக்கல் இல்லை. சிக்கல், மேல் முடியைக் குட்டையாகவும் கீழ் முடியை நீளமாகவும் வெட்டும் லேயர் கட் நான் செய்திருந்ததில்தான்.

பிடரியில் ரப்பர் பேண்ட் போட்டு அளந்தால், நீளமான முடி பேண்டிலிருந்து 6 அங்குலம் வந்தது. மேல் லேயர் முடி வெறும் 1 அங்குலம். அவர்கள் கற்றையில் உள்ள குட்டை முடியின் நீளத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். 12 அங்குலத்துக்குக் குறைந்தவற்றைப் பிரித்து ஒதுக்கிவிடுவார்கள். ஆக, நான் வளர்க்க வேண்டியது 6 அங்குலம் இல்லை, 11.

முடி மாதத்துக்குச் சுமார் அரை அங்குலம் வளரும். அந்தக் கணக்கில் 22 மாதம் ஆகும், அதுவும் மேல் லேயரில் கத்தரியே படாமல் இருந்தால். அடிக்கடி வெட்டினால் வேகமாக வளரும் என்று வீட்டில் சொன்னார்கள். வளர்ச்சி நடப்பது வேரில். நுனியில் வெட்டுவது வேருக்குத் தெரியாது. ஆனால் நுனி பிளந்துவிட்டால் பிளவு மேலே ஏறும், முடி பாதியில் ஒடியும். அதற்காக மட்டும்தான் ட்ரிம்.

யோசித்துப் பார்த்தபோது ஒரு வழி தெரிந்தது. குட்டை முடி 12-ஐத் தொடும்போது நீள முடி 17-க்குப் போயிருக்கும். அந்த 5 அங்குலம் எனக்குத் தேவையே இல்லை. அதனால் நான்கு மாதத்துக்கு ஒருமுறை, கீழ் விளிம்பில் மட்டும் 1 அங்குலம் நேராக வெட்டுவது என்று வைத்துக்கொண்டேன். பழைய நுனியும் போய்விடும், மேல் லேயரும் மெல்ல மெல்லக் கீழே வந்து சேரும்.

மூன்றாவது ட்ரிம்மில் சறுக்கியது. வழக்கமாகப் போகும் இடம் மூடியிருந்ததால் வேறு பார்லருக்குப் போய், "கொஞ்சமா ட்ரிம் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் ஈர முடியை இழுத்துப் பிடித்து, ஷேப்புக்காக எல்லா லேயரையும் ஒன்றரை அங்குலம் வெட்டிவிட்டார். மூன்று மாத வளர்ச்சி தரையில் கிடந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். அதற்கப்புறம் காய்ந்த முடியோடுதான் போவேன். எல்லாவற்றையும் கீழே தொங்கவிட்டு, எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று விரலால் காட்டி, "லேயர் வேண்டாம், நேர் கோடு" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவேன்.

இடையில் மேல் லேயரில் பிளவு வந்தால் வீட்டிலேயே பார்த்துக்கொண்டேன். பகல் வெளிச்சத்தில் ஒரு சின்னக் கற்றையை முறுக்கி வெள்ளைத் தாளின் மேல் வைத்தால், பிளந்த நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பிளவுக்குக் கால் அங்குலம் மேலே ஒவ்வொன்றாக வெட்டினேன். இதற்கு முடி வெட்டும் கத்தரிதான் வேண்டும். சமையலறைக் கத்தரி நுனியை நசுக்கும், நசுங்கிய இடம் மறுபடி பிளக்கும்.

25-வது மாதம், 2023 ஜூலையில், நான்கு பாகமாகப் பிரித்துக் கட்டி அளந்தேன். பின்பக்கம் இரண்டும் 12-க்கு மேல். முன்பக்கம் இரண்டும் பதினொன்றரை. இன்னும் ஒரு மாதம் பொறுத்தேன். ஒரே குதிரைவாலாகக் கட்டியிருந்தால் இன்னும் குறைந்திருக்கும். முன்முடி பிடரி வரை வந்து சேரவே பல அங்குலம் செலவாகிவிடும்.

வெட்டுவதற்கு முந்தின நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் நன்றாகக் காயவிட்டேன். ஈரம் இருந்தால் கவருக்குள் பூஞ்சை பிடித்து மொத்தமும் வீணாகும். நான்கு கற்றையையும் மேலேயும் நுனியிலும் ரப்பர் பேண்டால் கட்டி, மேல் பேண்டுக்கு அரை அங்குலம் மேலே வெட்டச் சொன்னேன். பேண்டுக்குக் கீழே வெட்டினால் முடி உதிர்ந்து, வேர்ப்பக்கமும் நுனிப்பக்கமும் கலந்துவிடும். முடியின் மேல் மீன் செதிலைப் போல நுண்ணிய செதில்கள் நுனியைப் பார்த்துப் படிந்திருக்கின்றன. திசை மாறிக் கலந்தால் ஒன்றோடொன்று மாட்டிச் சிக்காகிவிடும். தரையில் கூட்டி அள்ளிய முடி விக்குக்கு ஆகாது என்பது இதனால்தான்.

நான்கு கற்றைகளையும் தனித்தனியாக ஜிப் கவரில் போட்டு அனுப்பினேன். என் தலையில் மிஞ்சியது காதுமடல் வரைக்கும்தான். அதைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது பார்லர் அக்கா, "லேயர் வைக்கட்டுமா, அழகா இருக்கும்" என்று கேட்டார். வேண்டாம், ஒரே நீளமாக விடுங்கள் என்றேன். அடுத்த தடவை 11 அங்குலம் துரத்த வேண்டியிருக்காது.