முழங்காலுக்கு வைத்த மெசின்கள்: எதற்குக் காசு கொடுக்கலாம்?

முழங்கால் தேய்மானத்துக்காகத் திருகோணமலை நகரில் ஒரு தனியார் பிசியோ கிளினிக்குக்குச் சில மாதங்கள் போய் வந்தேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பிரஷர் இருப்பதால் நோ மாத்திரைகளைத் தொடர்ந்து போட வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறையும் மூன்று விஷயம் நடந்தது: டென்ஸ் என்ற கரண்ட் மெசின் இருபது நிமிடம், அல்ட்ராசவுண்ட் ஐந்து நிமிடம், கடைசியில் அவசரமாகக் கொஞ்சம் பயிற்சி. பத்து முறைக்கு முற்பணம் கட்டினால் கழிவு உண்டு. நேரமும் காசும் முக்கால்வாசி மெசின்களுக்கே போனது. அந்த மெசின்கள் உண்மையில் என்ன செய்கின்றன என்று தெரிந்துகொள்ளாமல் இரண்டாம் தவணை கட்ட எனக்கு மனமில்லை.

முதலில் டென்ஸ். முழங்காலைச் சுற்றி நான்கு ஒட்டும் தட்டுகள் வைப்பார்கள், தோலில் சுர்சுர் என்று ஓடும். அது மூட்டுக்குள் போய் எதையும் சரிசெய்வதில்லை. தொடுகையைக் கொண்டுபோகும் நரம்புகளைத்தான் அது தூண்டுகிறது. அந்தச் செய்தி முள்ளந்தண்டுக்கு நிறையப் போய்ச் சேரும்போது, வலியின் செய்தி மேலே போவது குறைகிறது. 1965இல் மெல்சாக், வோல் என்ற இருவர் சொன்ன கருத்து இது. அடிபட்ட இடத்தை நாம் உடனே தேய்த்துவிடுகிறோமே, அங்கே நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். தேய்க்கிற கையை எடுத்தால் வலி திரும்பி வரும். டென்ஸும் அப்படியே: ஓடும்போது நன்றாக இருக்கும், நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு போய்விடும்.

ஆனால் அந்த அளவு சுகம்கூட எனக்கு ஆரம்பத்தில் கிடைக்கவில்லை. காரணத்தை அரச வைத்தியசாலையின் பிசியோ பகுதியில்தான் தெரிந்துகொண்டேன். அங்கே ஒரு கிளினிக் நாளில் என்னைப் பார்த்த மிஸ், "மெசின் போட்டதும் எவ்வளவு பலமாக இருந்தது?" என்று கேட்டார். லேசாகத்தான் என்றேன். "அது போதாது ரீச்சர். வலிக்கக் கூடாது, ஆனால் பலமாகத் தெரிய வேண்டும். சில நிமிடத்தில் உடம்பு பழகிவிடும், அப்போது திரும்பக் கூட்ட வேண்டும்" என்றார். தனியார் கிளினிக்கில் உதவியாளர் பிள்ளை தட்டுகளை ஒட்டி, லேசாக வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். இருபது நிமிடமும் அதே அளவில் ஓடும். பலரிடம் ஒட்டிப் பசை காய்ந்த தட்டுகள் வேறு. ஓரம் கிளம்பியிருந்தால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் ஊசி குத்துவது போல் சுள்ளென்று இழுக்கும். வீட்டில் தைலம் பூசிக்கொண்டு போனாலும் இதே நிலைதான். காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே ஒட்ட வேண்டும்.

அல்ட்ராசவுண்டில் சிக்கல் வேறு மாதிரி. அதில் ஒன்றுமே தெரியாது. ஜெல் பூசி, உலோகத் தலையை முழங்கால் முழுவதும் வட்டமாக ஓட்டுவார்கள். ஜெல் அவசியம்தான், இடையில் காற்று இருந்தால் ஒலி அலை தோலைத் தாண்டாது. ஓட்டிக்கொண்டே இருப்பதும் அவசியம், ஒரே இடத்தில் நிறுத்தினால் எலும்பில் கூர்மையான வலி வரும். சரி, அதன் பயன் என்ன? ஆழத்தில் சூடு ஏற்றி இறுகிய தசையையும் நாரையும் இளக்கும் என்றார்கள். "தேய்ந்த ஜவ்வும் வளரும்" என்று காத்திருந்த இன்னொரு ஐயா சொன்னார். ஜவ்வு வளராது, அதை எந்த அல்ட்ராசவுண்டும் செய்ததில்லை.

சூட்டின் கணக்கை லண்டனில் பிசியோவாக வேலை செய்யும் என் பெறாமகள் தொலைபேசியில் விளக்கினாள். ஆழமாகப் போகும் 1 மெகாஹெர்ட்ஸ் அலை, சதுர சென்டிமீட்டருக்கு 1 வாட் பலத்தில், தசையை நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.2 பாகை சூடாக்கும். ஐந்து நிமிடத்தில் 1 பாகை. நார் இளகுவதற்கு 4 பாகை அளவு ஏற வேண்டும் என்பார்கள். அந்த 1 பாகையும், மெசினின் உலோகத் தலையைப் போல இரண்டு மடங்கு இடத்துக்குள் ஓட்டினால்தான் கிடைக்கும். என் முழங்காலின் முன்பக்கம், இரு பக்கம், கீழே என்று அந்த ஐந்து நிமிடத்தைப் பங்கிட்டால் எந்த இடத்துக்கும் எதுவும் மிஞ்சாது. "சித்தி, உங்களுக்குச் சூடு சுகமாக இருந்தால் சுடுதண்ணிப் பை வையுங்கோ" என்றாள். மூட்டுத் தேய்மானத்துக்கு டென்ஸ், அல்ட்ராசவுண்ட் இரண்டையும் கொடுக்க வேண்டாம் என்று இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்வதையும் அவள்தான் காட்டினாள். பயன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதே காரணம். பயிற்சியை அதே வழிகாட்டி எல்லோருக்கும் சொல்கிறது.

இதற்குப் பிறகு வீட்டிலேயே ஒன்றைச் சோதித்துப் பார்த்தேன். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, கதிரையில் இருந்து 30 செக்கனில் எத்தனை முறை முழுதாக எழும்பி உட்கார முடிகிறது என்று எண்ணுவது. என் வயதுப் பெண்ணுக்கு 12க்குக் குறைந்தால் கால் பலம் போதாது என்று அர்த்தம். எனக்கு 8 வந்தது. கிளினிக்குக்குப் போகுமுன், வந்தவுடன், அடுத்த நாள் காலை என்று பார்த்துக் குறித்துவைத்தேன். டென்ஸ் பலமாக வைத்த நாட்களில் வந்தவுடன் ஒன்றிரண்டு கூடும்; காலையில் பழையபடி 8. அல்ட்ராசவுண்ட் மட்டும் வைத்த நாளில் எந்த மாற்றமும் இல்லை.

கிளினிக்கை நடத்தும் தம்பியிடம் நேராகவே கேட்டேன்: அல்ட்ராசவுண்டை விட்டுவிட்டு அந்த நேரத்தையும் பயிற்சிக்குத் தர முடியுமா? அவர் கோபப்படவில்லை. "ரீச்சர், மெசின் வைக்காட்டி ஒண்டும் செய்யேல்லை எண்டு ஆக்கள் வேற இடத்துக்குப் போயிடுவினம்" என்றார். அவர் சொன்னது உண்மை. நாங்கள் மெசினுக்குத்தான் காசு கொடுக்கப் பழகியிருக்கிறோம். ஆனால் அவர் அன்றைக்கு முழு நேரமும் என் கூடவே நின்றார். கணுக்காலில் மணல் பை கட்டிக் கால் தூக்குவது, படி ஏறி இறங்குவது, கதிரையை விட்டு மெதுவாக எழும்புவது. வலி கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, அடுத்த நாள் காலைக்குள் அடங்க வேண்டும், அடங்காவிட்டால் பாரத்தைக் குறைக்க வேண்டும் என்ற அளவுகோலையும் அவர்தான் சொல்லித் தந்தார்.

டென்ஸை நான் கைவிடவில்லை. மாத்திரை போட முடியாத எனக்கு, அது ஓடும் நேரத்தில் பயிற்சி செய்ய முடிகிறது. அந்த வேலைக்கு அது நல்லது. ஆனால் அதற்காகக் கிளினிக்குக்குப் போவதில்லை. கைக்குள் அடங்கும் பற்றரி மெசின் ஒன்றை வாங்கிவிட்டேன், தட்டுகளை மட்டும் அவ்வப்போது மாற்றினால் போதும். வாங்க நினைப்பவர்கள் முதலில் கிளினிக்கில் பலமாக வைக்கச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் சுகம் தெரியாவிட்டால் வாங்க வேண்டாம். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் டொக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. கழுத்தின் முன்பக்கத்திலும், கர்ப்பிணிகள் வயிற்றிலும் வைக்கக் கூடாது.

அல்ட்ராசவுண்ட் எதற்குமே உதவாது என்று நான் சொல்ல மாட்டேன். தோள்பட்டையில் கல்சியம் படிந்து வரும் வலிக்கு அது குறுகிய காலம் உதவியதாக 1999இல் வந்த ஓர் ஆய்வு உண்டு. அங்கேயும் ஒருமுறைக்கு 15 நிமிடம், மொத்தம் 24 முறை வைத்தார்கள். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் இடையே வலியில் பெரிய வித்தியாசம் இல்லை. என் முழங்காலுக்கு அதைக் கேட்கவே மாட்டேன்.

இப்போது கதிரைச் சோதனையில் 12 வருகிறது. கோணேசர் கோயில் ஏற்றத்தை இடையில் ஒருமுறை நின்று ஏறிவிடுகிறேன். அந்தத் தம்பியிடம் இடைக்கிடை போகிறேன், மணல் பையின் பாரத்தைக் கூட்டவும் நான் செய்யும் விதம் சரியா என்று பார்க்கவும்.