முதல் இறக்கம்: சந்தை நாட்குறிப்பு

மார்ச் 3, திங்கள்
கேப் அப்: பங்கு முந்தைய குளோசிங்கைவிட மேலே திறந்திருக்கிறது. திறந்த வேகத்திலேயே வாங்கினால் ஸ்டாப் லாஸை எங்கே வைப்பது? வெள்ளிக்கிழமைக் குளோசிங் வெகு கீழே கிடக்கிறது, நடுவில் பிடிமானம் ஒன்றுமில்லை. அதனால்தான் ஏற்றத்துக்குப் பின் வரும் சிறு இறக்கமான முதல் புல்பேக் வரை கை கட்டி உட்காருவது.

மார்ச் 4, செவ்வாய்
நேற்றைய குளோசிங் 500. இன்று 512-ல் திறந்து, 510 வரை இறங்கி, ஐந்து நிமிட சார்ட்டில் இரண்டு பச்சைக் கேண்டிலில் 518. பிறகு மூன்று சிறிய சிவப்புக் கேண்டில்கள், ஒவ்வொன்றிலும் வால்யூம் முந்தையதைவிடக் குறைவு. இதுதான் பார்க்க வேண்டியது: லாபம் எடுப்பவர்கள் மட்டும் விற்கிறார்கள், பெரிய கை விற்கவில்லை.

510-லிருந்து 518 வரையான ஏற்றத்தில் பாதி 514. இறக்கம் 514.60-லேயே நின்றது, அன்றைய வால்யூம் சார்ந்த சராசரி விலையான வீவாப் அதற்கும் கீழே. கடைசிச் சிவப்பின் ஹை 515.60. அதைத் தாண்டியதும் 515.70-ல் எண்ட்ரி, புல்பேக்கின் லோவுக்குச் சற்றுக் கீழே 514.40-ல் ஸ்டாப். ரிஸ்க் 1.30. பழைய ஹை 518 வரை 2.30 இருக்கிறது, போதும். ரிஸ்க்கைவிட அந்த இடைவெளி குறைவாக இருந்தால் விட்டுவிடலாம்.

மார்ச் 5, புதன்
ஸ்டாப்பைக் கீழே இறக்கக் கூடாது.

மார்ச் 6, வியாழன்
எண்ட்ரி கிடைக்கும் முன் இன்னொரு சிவப்பு வந்தால் டிரிகரும் ஸ்டாப்பும் சேர்ந்தே இறங்கும், அது சரி. 514 உடைந்தால் ஆர்டரையே கேன்சல் செய்ய வேண்டும். ஆனால் வாங்கிய பிறகு ஸ்டாப் மேலே மட்டும்தான் போகும். "வீவாப் தாங்கும், கொஞ்சம் இடம் கொடுப்போம்" என்ற நினைப்பு வரும். 514.40 உடைந்தாலே, புல்பேக் முடிந்துவிட்டது என்று வாங்கும்போது போட்ட கணிப்பு தப்பாகிவிட்டது. அதற்குப் பிறகு கையில் இருப்பது வேறு டிரேட், அதற்கு யாரும் திட்டம் போடவில்லை.

ஸ்டாப் லிமிட் ஆர்டரும் இங்கே ஆபத்து. விலை லிமிட்டைத் தாண்டி விழுந்தால் ஆர்டர் அப்படியே தொங்கும், பொசிஷனும் கையிலேயே நிற்கும். ஸ்டாப் மார்க்கெட் போட்டால் சில பைசா போகும், ஆனால் ஆள் வெளியே வந்துவிடலாம்.

மார்ச் 7, வெள்ளி
அந்தச் சில பைசாவையும், அதாவது ஸ்லிப்பேஜையும், வாங்கும் அளவுக்கான கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு டிரேடில் இழக்கத் துணிவது 1,000. 1.30-ஆல் வகுத்தால் 769 பங்கு. ஸ்லிப்பேஜுக்கு 0.20 கூட்டி 1.50-ஆல் வகுத்தால் 666. இரண்டாவது எண்தான் உண்மை.

மார்ச் 10, திங்கள்
முதல் சிவப்பே முந்தைய பச்சையைவிடப் பெரிது, வால்யூமும் அதிகம். இதைப் புல்பேக் என்று அழைக்க ஆசையாகத்தான் இருக்கும். இது விநியோகம், பெரிய கை விற்றுத் தள்ளுவது. விலை பழைய குளோசிங்குக்கே இறங்கி கேப் நிரம்பப் போகும் நாளின் முகம் இப்படித்தான் இருக்கும். ஆர்டர் எதுவும் இல்லை.

மார்ச் 11, செவ்வாய்
கேப் அப். நான்கு பச்சைக் கேண்டில். சிவப்பு இன்னும் வரவில்லை.