மறுத்தது வங்கியே இல்லை

சந்தா புதுப்பிப்பில் ஏன் இத்தனை கட்டணம் தவறுகிறது என்று பார்க்க, கார்டு கட்டணத்தை வங்கிக்கு அனுப்பிவைக்கும் பேமென்ட் கேட்வேயிலிருந்து சிஎஸ்வி கோப்பை இறக்கினேன். இறக்குவது ஒரு கிளிக். அதற்கப்புறம்தான் தலைவலி.

ஒவ்வொரு கட்டணத்துக்கும் வங்கி தரும் பதில் அதில் இரண்டு இலக்கக் குறியீடாக இருக்கும். எக்செலில் நேராகத் திறந்தால் 05 என்ற குறியீடு வெறும் 5 ஆகிவிடும். அந்தப் பத்தியை டெக்ஸ்ட் வகையாக இறக்குமதி செய்யுங்கள்.

என்னை அலையவைத்தது “மோசடி சந்தேகம்” என்ற வரிகள். கேட்வே உதவி மையத்தில் கேட்டால், “வங்கி மறுத்திருக்கிறது, வாடிக்கையாளரை வங்கியிடம் பேசச் சொல்லுங்கள்” என்று ஒரே பாட்டு. ஒரு வாடிக்கையாளர் பாவம், நிஜமாகவே வங்கியை அழைத்தார். அப்படி ஒரு கோரிக்கையே தங்களுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். கோபம் முழுக்க என் மேல் இறங்கியது.

அவருடைய வரியைப் பக்கவாட்டில் நகர்த்திப் பார்த்தேன். நிலைப் பத்தியில் மோசடி சந்தேகம் என்று இருக்கிறது. வங்கியின் பதில் குறியீடு வரவேண்டிய கட்டம் காலி. வங்கி சந்தேகப்பட்டிருந்தால் அங்கே பெரும்பாலும் 59 இருந்திருக்கும். அதாவது, கேட்வேயின் சொந்த ரிஸ்க் விதியே தடுத்திருக்கிறது. அவர் வெளிநாட்டிலிருந்து பணம் கட்டியிருக்கிறார். கார்டு ஒரு நாடு, ஐபி முகவரி இன்னொரு நாடு. இந்த ஆதாரத்தோடு திரும்பப் போனதும் உதவி மையத்தின் சுருதி மாறியது. விதியைத் தளர்த்தினோம், அவருடைய பணம் வந்துவிட்டது. காலிக் கட்டம் என்றால் கேட்வேயின் ரிஸ்க் விதிகளைப் பாருங்கள். 59 என்றால்தான் வாடிக்கையாளர் வங்கியிடம் பேசிப் பயன்.

51 எளிது: கணக்கில் பணமில்லை. கார்டில் கோளாறில்லை, அதனால் சம்பளம் வரும் நாளை ஒட்டி மறுபடி முயன்றால் பலருக்குப் போய்விடும். ஆனால் எண்ணும்போது கவனம். தானியங்கி மறுமுயற்சி ஒவ்வொன்றும் தனி வரியாக விழும். ஒரே ஆள் நான்கு தோல்வியாகத் தெரிவார். கார்டு அடையாளத்தை வைத்துத் தொகுத்த பிறகு எண்ணுங்கள்.

05 தான் எரிச்சல். “ஏற்க வேண்டாம்”, அவ்வளவுதான். வங்கி காரணம் சொல்லாது. சந்தேகமும் இருக்கலாம், வேறு ஏதாவதும் இருக்கலாம். முன்பு ஒழுங்காகப் போன கார்டு என்றால் ஓரிரு முறை இடைவெளி விட்டு முயலலாம். முதல் தடவையே 05 வந்தால் வேறு கார்டு கேட்பதே மேல்.

41 தொலைந்த கார்டு, 43 திருடப்பட்டது. இவற்றை மறுபடி முயலவே கூடாது. காரணத்தையும் திரையில் காட்டாதீர்கள்: எதிரே இருப்பவர் திருடனாகவே இருந்தால், கார்டு முடக்கப்பட்டதை நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும். “கட்டணம் ஏற்கப்படவில்லை, வேறு கார்டில் முயலுங்கள்” என்பது போதும். எங்கள் செக்அவுட் பக்கம் வங்கியின் காரணத்தை அப்படியே காட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கே மாற்றச் சொல்லிவிட்டேன்.