இரண்டாம் வகைக்கெழு பூஜ்ஜியமாகும் இடத்தில்

மேற்கு மாம்பலத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வளைவரை வரையும் பாடத்துக்கு நான் கொடுக்கும் பயிற்சித் தாளில் y = 3x⁴ − 4x³ கட்டாயம் இருக்கும். பார்க்க எளிதான கணக்கு. ஆனால் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளும் இதில்தான் தடுமாறுகிறார்கள்.

முதல் வகைக்கெழு 12x²(x − 1). அதனால் x = 0, x = 1 என இரண்டே தேக்கநிலைப் புள்ளிகள். இரண்டாம் வகைக்கெழு 36x² − 24x. x = 1-இல் அது 12; மிகை எண் என்பதால் (1, −1) சிறுமம். இதுவரை எல்லாரும் சரியாக வந்துவிடுவார்கள். x = 0-இல் இரண்டாம் வகைக்கெழுவும் பூஜ்ஜியம். சோதனை அங்கே எதையும் சொல்வதில்லை. பலர் அங்கே மனப்பாடமாக 'வளைவு மாற்றப் புள்ளி' என்று எழுதிவிடுவார்கள். இந்தக் கணக்கில் விடை சரிதான், காரணம் தவறு. y = x⁴-க்கும் x = 0-இல் இரண்டாம் வகைக்கெழு பூஜ்ஜியம், ஆனால் அங்கே இருப்பது சிறுமம். அதனால் காரணம் எழுதாத விடைக்கு நான் முழு மதிப்பெண் போடுவதில்லை.

இந்த வருடம் ஒரு மாணவி ஆதியில் பெருமம் வரைந்திருந்தாள். "ஒரு பக்கம் சிறுமம் இருந்தா இன்னொரு பக்கம் பெருமம்தானே சார் வரணும்?" என்றாள். அவள் தாளிலேயே விடை இருந்தது. x மிகப் பெரிதாகும்போது 3x⁴ தான் ஆட்சி செய்யும், அதனால் இரு முனைகளும் மேலே போகும் என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாள்.

"சரிம்மா, ஆதியில் பெருமம்னா அதுக்கு இடப்பக்கம் வளைவரை கீழே இறங்கணும். ஆனா இடது கோடி மேலே இருக்குன்னு நீயே எழுதியிருக்கே. இறங்கினது எங்கே திரும்பும்?"

திரும்புவதற்கு அங்கே இன்னொரு தேக்கநிலைப் புள்ளி வேண்டும். 12x²(x − 1) அப்படி ஒன்றைத் தரவில்லை. கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தவள், தானாகவே x = −1, x = ½ இரண்டிலும் முதல் வகைக்கெழுவைக் கணக்கிட்டாள். −24, −1.5. இரண்டுமே குறை. அப்படியானால் வளைவரை இறங்கிக்கொண்டே வந்து, ஆதியில் ஒரு கணம் கிடையாகி, மறுபடியும் இறங்குகிறது. கிடைத்தொடுகோடு உள்ள வளைவு மாற்றப் புள்ளி அது.

அதனால் முனைகளின் போக்கை முதலில் எழுதச் சொல்கிறேன். பாதிப் பேர் அதைக் கடைசி வரியில் சடங்காக எழுதுகிறார்கள். அப்போது படம் முடிந்திருக்கும், பிழையைப் பிடிக்க அது உதவாது.

அப்புறம் அளவு. படத்தின் முக்கியமான பகுதி முழுவதும் 0-க்கும் 4/3-க்கும் இடையில் இருக்கிறது; x = 2-இல் y 16-ஐத் தொட்டுவிடும். இரு அச்சுகளிலும் ஒரே அளவு வைத்து 16 வரை காட்டினால் ஆதியின் தட்டையும் −1 வரையிலான பள்ளமும் ஒன்றாகக் கலந்துவிடும். மாதிரிப் படம்தான் கேட்கிறோம், துல்லிய வரைபடம் இல்லை. பள்ளத்தைப் பெரிதாக வரைந்து, இன்னொரு வளைவு மாற்றப் புள்ளியான (2/3, −16/27)-ஐயும் x அச்சை வெட்டும் 4/3-ஐயும் குறித்தால் போதும்.