சுண்டு விரல் ஏன் மரத்துப்போகிறது? தச்சூர் சாலையில் செய்து பார்த்தவை

என் வண்டி 350 சிசி ஒற்றை சிலிண்டர், இன்ஜின் அதிர்வைத் தணிக்கும் பேலன்சர் ஷாஃப்ட் இல்லாத பழைய வகை. திருவொற்றியூரிலிருந்து மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகத் தச்சூரில் கொல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடித்துச் சூலூர்பேட்டை வரை போய்வருவதுதான் என் வழக்கமான நீண்ட ஓட்டம். மீஞ்சூர் வரை கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கிளட்சும் பிரேக்குமாகப் போவதால் கை ஒரே நிலையில் இருப்பதில்லை, தொல்லையும் இல்லை. தச்சூருக்குப் பிறகு 80 கி.மீ. வேகத்தில் நிலையாக ஓட்டத் தொடங்கினால், ஆரம்பாக்கம் வருவதற்குள் வலது கையில் சுருசுருவென்று ஊரத் தொடங்கும். தடாவில் டீ குடிக்க நிறுத்தினால் சட்டைப்பையிலிருந்து சில்லறையை எடுக்க இடது கைதான் உதவும்.

எந்த விரல் மரத்துப்போகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. எனக்குச் சுண்டு விரலும், மோதிர விரலில் சுண்டு விரல் பக்கத்துப் பாதியும். இது அல்னார் நரம்பின் எல்லை. அந்த நரம்பு மணிக்கட்டில் சுண்டு விரல் பக்கமாக, உள்ளங்கையின் அடிமேட்டில் அதிகச் சதைப்பாதுகாப்பு இல்லாத இடத்தில் இறங்குகிறது. ஆக்சிலேட்டரில் கையை ஊன்றும்போது சரியாக அந்த மேடுதான் அழுந்துகிறது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் கதை வேறு. அது மணிக்கட்டின் நடுவே போகும் மீடியன் நரம்பு. மணிக்கட்டு நெடுநேரம் மடங்கியே இருந்தால் அது நெருக்கப்படும். ஆக, முன்னதற்கு உள்ளங்கையில் ஏறும் எடையைக் குறைக்க வேண்டும், பின்னதற்கு மணிக்கட்டை நேராக்க வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்காமல் கடைக்குப் போனால், கடைக்காரர் கையில் எது இருக்கிறதோ அதுவே மருந்தாகிவிடும்.

எதையும் வாங்குவதற்கு முன்பு தண்டையார்பேட்டையில் என் மெக்கானிக்கிடம் இன்ஜின் மவுண்டிங் போல்ட்டுகளையும் ஹேண்டில்பார் கிளாம்ப்பையும் பார்க்கச் சொன்னேன். பின்பக்க மவுண்டிங்கில் ஒரு நட்டு தளர்ந்திருந்தது. அதை முறுக்கியதும் கால் மிதியில் இருந்த அதிர்வு தணிந்தது, கையில் பெரிய மாற்றமில்லை.

பிறகு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் தடித்த ஃபோம் உறை வாங்கி, இருந்த க்ரிப்பின் மேலேயே மாட்டினேன். எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். உள்ளங்கைக்கு மெத்தென்று இருந்தது உண்மை. ஆனால் ஆரம்பாக்கத்தில் வந்த மரப்பு தடாவில் வந்தது, அவ்வளவுதான். காரணம் எளிது. அந்த வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 4,000 சுற்று சுற்றினால், விநாடிக்குச் சுமார் 67 அதிர்வு. மெல்லிய ஃபோம் இதைவிட மிக வேகமான நடுக்கத்தைத்தான் நன்றாக உறிஞ்சும். விநாடிக்கு அறுபது, எழுபது என்ற கனத்த அதிர்வு அதைத் தாண்டிக் கைக்கு வந்துவிடும். என் கை சிறியது என்பதால் இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. பிடி தடித்ததும் விரல்கள் முழுதாகச் சுற்றவில்லை, எனவே இறுக்கிப் பிடிக்கத் தொடங்கினேன், முன்கை கடுத்தது. உறையைக் கழற்றிவிட்டு, நடுத்தரத் தடிமனுள்ள மிருதுவான ரப்பர் க்ரிப் போட்டுக்கொண்டேன். ஃபோம் மாட்டுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: ஆக்சிலேட்டரை முறுக்கிக் கையை விட்டால் அது தானாகப் படக்கென்று திரும்ப வேண்டும். உறை வழுக்கினாலோ பார் முனையில் உரசினாலோ திரும்பாது, அது ஆபத்து.

அடுத்தது பார் முனை எடை. என் வண்டியில் இருந்தது பெயருக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி. அதற்குப் பதிலாக ஒரு பக்கத்துக்குக் கால் கிலோ அளவில் எஃகு எடையைப் பொருத்தினேன். ஹேண்டில்பாருக்கென்று ஒரு சொந்த அதிர்வு உண்டு. இன்ஜின் வேகம் அதோடு ஒத்துப்போகும் இடத்தில்தான் கைப்பிடி வெறிகொண்டு நடுங்கும். முனையில் எடை ஏறினால் அந்த இடம் கீழே இறங்கும். இதை அறியக் கருவி வேண்டாம், கண்ணாடி போதும். முன்பு 80-இல் பின்னால் வரும் லாரி கண்ணாடியில் கலங்கிய உருவமாகத் தெரிந்தது. இப்போது அங்கே அதன் எண் பலகையே தெரிகிறது, 65 சுமாரில்தான் கலங்குகிறது. அதிர்வு ஒழியவில்லை, நான் அதிகம் தங்காத வேகத்துக்கு நகர்ந்திருக்கிறது. நீங்கள் 65-இல் ஓட்டுகிறவர் என்றால் இதே எடை உங்களுக்குத் தீங்காகவும் முடியலாம். க்ரிப்புக்கும் எடைக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விட மறக்க வேண்டாம்.

இவ்வளவும் சேர்ந்து பாதிப் பலன். மீதிப் பாதியை உட்காரும் விதம் கொடுத்தது, செலவில்லாமல். சோதனை இதுதான்: நிலையான வேகத்தில், சாலை காலியாக இருக்கும்போது, பிடியை விடாமல் விரல்களை மட்டும் ஆர்மோனியம் வாசிப்பதுபோல் தட்டிப் பார்க்க வேண்டும். அப்போது உடல் முன்னால் சரிந்தால், நம் எடையை உள்ளங்கைதான் சுமக்கிறது என்று பொருள். நான் நன்றாகவே சரிந்தேன். சீட்டின் முன்பகுதி ஃபோம் அமுங்கி, உடல் டேங்கை நோக்கி வழுக்கிக்கொண்டே இருந்ததுதான் அடிப்படை. சீட் தைப்பவரிடம் முன்பகுதியை மட்டும் சற்று உயர்த்தச் சொன்னேன். முழங்கால்களால் டேங்கை அணைத்து, எடையை இடுப்புக்கும் கால் மிதிக்கும் கொடுத்து, முழங்கையைச் சிறிது மடக்கி வைத்தபோது கைக்கு வேலை திருப்புவது மட்டும்தான் என்று ஆனது. முதலில் தொடை வலித்தது, இடுப்பும் முனகியது. பழக நாள் பிடிக்கிறது. ஆனால் தடாவில் இப்போது வலது கையாலேயே சில்லறை எடுக்கிறேன்.

இடது கையில் ஆள்காட்டி விரல் எப்போதாவது கூசியது. கிளட்ச் லீவர் மேல்நோக்கி நின்றதால், அதன்மேல் விரல் வைக்கும்போதெல்லாம் மணிக்கட்டு பின்னால் வளைந்தது. கிளாம்ப்பைத் தளர்த்தி, வண்டியில் இயல்பாக உட்கார்ந்து, முன்கையும் விரல்களும் ஒரே கோட்டில் வரும் இடத்தில் லீவரை நிறுத்தி முறுக்கினேன். செய்த பிறகு ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, கேபிள் இழுபடுகிறதா என்று பார்ப்பது அவசியம்.

இந்த வைத்தியமெல்லாம் இறங்கிய சற்று நேரத்தில் சரியாகிவிடும் மரப்புக்கு மட்டும். காசிமேட்டில் படகுப் பட்டறையில் கிரைண்டர் பிடிக்கும் என் மைத்துனருக்கு, வண்டி ஓட்டாத நாளிலும் இரவில் விரல் மரத்து விழிப்பு வருகிறது. வேலையில் ஏறும் அதிர்வும் வண்டியில் ஏறும் அதிர்வும் ஒரே கணக்கில்தான் சேரும். பொருள் கைநழுவினாலோ, விரல் வெளுத்துப்போனாலோ, கட்டை விரல் மேட்டுச் சதை வற்றினாலோ க்ரிப் மாற்றிப் பயனில்லை. சர்க்கரை நோயாலும் விரல் மரக்கலாம். கை அறுவைச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற ஸ்டான்லி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது, நரம்புச் சோதனை செய்து பாருங்கள் என்று அவரைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறேன்.

எனக்கு மிச்சமிருப்பது நாயுடுபேட்டை வரை நிறுத்தாமல் போனால் வரும் லேசான கூச்சம். 80-ஐ 70 ஆக்கினால் அதுவும் வெகுவாகக் குறைகிறது. அடுத்து, ஹேண்டில்பாரை ஒரு அங்குலம் பின்னால் கொண்டுவரும் ரைசர் போட்டுப் பார்க்க எண்ணம். பிரேக் ஹோஸ் நீளம் போதுமா என்பதை மெக்கானிக் பார்த்துச் சொல்ல வேண்டும்.