விதைநெல் டிரம்: ரிவிட் விட்டத்தை வைத்து ஓரமும் இடைவெளியும் குறித்தது

பிசான அறுவடையில் எடுத்த ஏ.எஸ்.டி. 16 விதைநெல்லைப் போட்டு வைக்க ஒரு தகர டிரம் செய்தேன். அம்பாசமுத்திரம் பக்கம் சாரல் காலத்தில் சாக்கு நமுத்துவிடும், அந்தும் வண்டும் சேர்ந்துவிடும். 0.8 மி.மீ. ஜி.ஐ. தகட்டை 60 செ.மீ. விட்டத்துக்கு உருட்டி, 90 செ.மீ. உயரத்துக்கு நிறுத்தி, ஒரு விளிம்பின் மேல் இன்னொரு விளிம்பை ஏற்றி ரிவிட் அடிப்பது திட்டம். இரண்டு மூட்டை நெல் பிடிக்கும்.

முதல் டிரம்மில் அந்த மூட்டுதான் கெட்டது. தடித்த ரிவிட் என்றால் பலம் அதிகம் என்று நினைத்து 4.8 மி.மீ. பாப் ரிவிட் வாங்கினேன். துளையின் நடுவிலிருந்து தகட்டு விளிம்புக்கு 5 மி.மீ. விட்டேன். ரிவிட்டுக்கு ரிவிட் 40 மி.மீ. அடித்து முடித்தபோது பார்க்க நன்றாகவே இருந்தது. நெல் போட்ட பிறகு டிரம்மைச் சுவரோரம் இழுத்தேன். மேல் பக்கத்தில் இரண்டு துளைகள் விளிம்பு வரைக்கும் கிழிந்து வாய் திறந்துவிட்டன. நெல்லை எடுத்துவிட்டு, ராத்திரி உள்ளே ஒரு பல்பைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். மூட்டு நெடுக, ஒவ்வொரு இரண்டு ரிவிட்டுக்கும் நடுவில், மெல்லிய பிறை மாதிரி வெளிச்சம் தெரிந்தது. வண்டு வர அந்த வழி போதும்.

அந்தத் துண்டை வெட்டி, தகர வேலை செய்கிற அண்ணாச்சி ஒருவரிடம் காட்டினேன். "ஓரத்துல கொஞ்சம் சதை விடணும்லா தம்பி. ரிவிட்டு எவ்வளவு தடிமனோ, அதுல ரெண்டு பங்கு தள்ளித்தான் துளை போடணும்" என்றார்.

இரண்டு பங்கு ஏன் என்று புரிந்துகொள்ள மீதித் தகட்டில் சோதனைத் துண்டுகள் வெட்டினேன். 3.2 மி.மீ. அலுமினிய ரிவிட் ஒன்றில், துளை நடுவிலிருந்து விளிம்பு 3.2 மி.மீ., இன்னொன்றில் 6.4 மி.மீ. ஒரு முனையை வைஸில் பிடித்து, மறுமுனையை நெம்புகோல் கட்டி இழுத்தேன். முதல் துண்டில் துளை நீண்டு, விளிம்பு வெளியே உப்பிக்கொண்டு வந்தது. இரண்டாவதில் தகடு அசையவில்லை, ரிவிட்தான் அறுந்தது. மூட்டு எங்காவது அறுந்துதான் ஆக வேண்டுமென்றால் அங்கேதான், ரிவிட்டில். அறுந்த ரிவிட்டைத் துளைத்து எடுத்துவிட்டு வேறு போடலாம். கிழிந்த தகட்டை என்ன செய்வது?

காரணம் எளிது. கிழிவதைத் தடுப்பது துளையின் விளிம்புக்கும் தகட்டின் விளிம்புக்கும் நடுவில் நிற்கும் உலோகம்தான், நடுவிலிருந்து அளக்கும் தூரம் முழுவதும் அல்ல. விட்டத்தின் ஒரு பங்கு விட்டால், துளையே பாதியைத் தின்றுவிடும். மீதி அரை விட்டம். இரண்டு பங்கு விட்டால் மீதி ஒன்றரை விட்டம். தூரம் இரண்டு மடங்கானால் தாங்கும் உலோகம் மூன்று மடங்காகிறது. என் முதல் டிரம்மில் 5 மி.மீ.யில் 4.9 மி.மீ. துளை போட்டதால், எஞ்சியது இரண்டரை மி.மீ.தான். டிரில் கொஞ்சம் நழுவிய துளைகளில் அதுவும் இல்லை. கிழிந்த இரண்டும் அந்தத் துளைகள்தான்.

அப்படியானால் ஓரத்தை இன்னும் தாராளமாக விட்டால் என்ன என்று 15 மி.மீ. விட்டும் ஒரு துண்டு செய்தேன். விட்டத்தில் நான்கு பங்குக்கு மேல் போய்விட்டது அது. கிழியவில்லை, ஆனால் விளிம்பு உதடு மாதிரி தூக்கிக்கொண்டது. அந்த உதட்டுக்கு அடியில் தூசியும் பூச்சியும் தங்கும்.

அடுத்து ரிவிட்டுக்கு ரிவிட் இடைவெளி, நடுவிலிருந்து நடுவுக்கு அளப்பது. இதற்குக் கீழ் எல்லையை விட்டம் வைக்கிறது: மூன்று பங்குக்குக் குறையக் கூடாது. அதற்கும் நெருக்கினால் தபால்தலையின் துளை வரிசை மாதிரி தகடு அந்தக் கோட்டிலேயே பலம் இழந்துவிடும். மேல் எல்லையை வைப்பது தகட்டின் கனம். இரண்டு ரிவிட்டுக்கு நடுவில் தகடு தானாகத்தான் படிந்து நிற்க வேண்டும். மெல்லிய தகடு அதிக தூரம் நிற்காது, வளைந்து விலகும். தகர வேலையில் சொல்லும் கணக்கு, கனத்தில் 24 பங்குக்கு மேல் போகாதே என்பது. 0.8 மி.மீ. தகட்டுக்கு அது 19.2 மி.மீ. நான் 40 விட்டிருந்தேன்.

இங்கேதான் தடித்த ரிவிட் தவறு என்பது விளங்கியது. 4.8 ரிவிட்டுக்குக் கீழ் எல்லை 14.4, மேல் எல்லை அதே 19.2. அந்தக் குறுகிய இடத்துக்குள் அத்தனை பெரிய துளைகளை நெருக்க வேண்டும், ஓரத்துக்கும் 9.6 வேண்டும். 3.2 ரிவிட்டுக்கு 9.6 முதல் 19.2 வரை இடம் கிடைக்கிறது. தகட்டின் கனத்தில் மூன்று பங்கு விட்டம் எடு என்று ஒரு பழைய வழக்கு உண்டு. 0.8க்கு அது 2.4 வரும். என் கைக்குக் கிடைத்ததில் அதற்கு அடுத்தது 3.2.

பலத்துக்காக இத்தனை ரிவிட் தேவையா என்றும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிரம்மின் அடியில், நெல் தள்ளும் இடத்தில்கூட, 18 மி.மீ.க்கு ஒன்று அடித்தால் ஒரு ரிவிட்டுக்கு ஒன்றரை கிலோ எடை வராது. இந்த மூட்டில் இடைவெளியைத் தீர்மானிப்பது பாரம் அல்ல, இடுக்கு விழாமல் இருப்பதுதான். தண்ணீர்த் தொட்டியாக இருந்தால் 18 போதாது. இன்னும் நெருக்கி, நடுவில் சீலன்ட்டும் வைக்க வேண்டும்.

சரி, இரண்டாவது டிரம். ஓரம் 7 மி.மீ., ஆகவே தகடுகள் ஏறி நிற்கும் அகலம் 14. உயரம் 900. மேலும் கீழும் 9 மி.மீ. விட்டால் நடுவில் 882. அதை 18ஆல் வகுத்தால் சரியாக 49 இடைவெளி, 50 ரிவிட். 18 என்பது விட்டத்தில் ஆறு பங்குக்குச் சற்றுக் குறைவு. முனையிலும் 9 விட்டதால் அங்கும் இரண்டு பங்குக்கு மேல் கிடைத்தது.

துளை 3.3 மி.மீ. இரண்டு தகட்டையும் சேர்த்துப் பிடித்தே போட வேண்டும். ஒரு முனையிலிருந்து வரிசையாக அடித்துக்கொண்டு போனால் தகடு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கடைசியில் துளைகள் விலகிவிடும். அதனால் இரண்டு முனையும் நடுவும் முதலில் போட்டு, 3 மி.மீ. திருகாணியும் நட்டும் வைத்து இறுக்கினேன். அப்புறம் பாதி, பாதியில் பாதி என்று அடைத்துக்கொண்டு போனேன். துளை போட்டதும் தகடுகளைப் பிரித்துப் பிசிறைச் சீவியது முக்கியம். பிசிறு இருந்தால் தகடுகள் படியாது, இடைவெளி எத்தனை சரியாக இருந்தும் வெளிச்சம் தெரியும்.

ராத்திரி மறுபடி பல்பு தொங்கவிட்டேன். ஒரே இடத்தில் மட்டும் பிறை. 31ஆவது துளை டிரில் அலைந்து நீள்வட்டமாகி, ரிவிட் பிடிக்காமல் ஆடியது. அதாவது அங்கே நிஜமான இடைவெளி 36 மி.மீ. காகிதத் துண்டை நுழைத்தால் அந்த இடத்தில் உள்ளே போனது. மற்ற 18 மி.மீ. இடைவெளிகளில் எங்கும் போகவில்லை. பக்கத்தில் புதுத் துளை போட்டால் கெட்ட துளைக்கு மிக நெருக்கமாகிவிடும். அதனால் அதே துளையை 4.1 மி.மீ. ஆக்கி, 4 மி.மீ. ரிவிட் அடித்தேன். அதற்கு ஓரம் 8 வேண்டும், 7தான் இருக்கிறது. ஒன்றரை கிலோ கூட வராத இடத்தில் ஒற்றை ரிவிட்டுக்கு அது போதும் என்று விட்டுவிட்டேன். காகிதம் இப்போது அங்கேயும் நுழையவில்லை.