ஆட்டோபே இருந்தும் கார்டுக்கு வட்டி ஏறியது ஏன்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் வைத்திருக்கும் கிரெடிட் கார்டுக்கு மாதாமாதம் என் வங்கிக் கணக்கிலிருந்து பணம் தானாகவே தவறாமல் போகிறது. இந்த ஆட்டோபேயை இங்கே டெபிட் ஆர்டர் என்பார்கள். அப்படியும் ஆகஸ்ட் ஸ்டேட்மென்ட்டில் வட்டி என்று 520 ராண்டு விழுந்திருந்தது.

ஜூன் 20 அன்று ஊருக்குப் போக 18,000 ராண்டுக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். ஜூலை 12 பில், கெடு ஆகஸ்ட் 6. அன்று கணக்கிலிருந்து போனது 900 ராண்டுதான். அதாவது பில் தொகையில் 5 சதவீதம், மினிமம். கார்டு கொடுத்தபோதே வங்கி அந்த அமைப்பைப் போட்டுவிட்டிருக்கிறது.

இங்கே 55 நாள் வரை வட்டியில்லை என்பார்கள். அந்தச் சலுகை முழு பில்லையும் கெடுவுக்குள் கட்டினால்தான். என் கார்டில் ஒரு பகுதி நின்றாலே, வாங்கிய நாளிலிருந்து மொத்தத் தொகைக்கும் வட்டி. ஆண்டுக்கு 20 சதவீதம் என்றால் 18,000க்கு ஒரு நாளைக்கு 9.86 ராண்டு. ஜூன் 20 முதல் 47 நாளுக்கு 464 ராண்டு, அப்புறம் மீதி 17,100க்கு ஆறு நாளுக்கு 56 ராண்டு.

எனக்குக் கோபம் வந்தது வேறு ஒன்றுக்கு. மினிமம் கட்டியாகிவிட்டதால் வங்கியின் பார்வையில் நான் எந்தத் தவணையும் தவறவில்லை. தாமதக் கட்டணமும் கிடையாது, எச்சரிக்கை எஸ்எம்எஸ்ஸும் கிடையாது. கணக்கிலிருந்து போன தொகையையும் பில்லின் மொத்தத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஆப்பில் கார்டைத் திறந்து டெபிட் ஆர்டர் பகுதிக்குப் போனால் மினிமம், குறிப்பிட்ட தொகை, முழுத் தொகை என்று மூன்று இருந்தன. முழுத் தொகைக்கு மாற்றிச் சேமித்தேன். ஆனால் வந்த உறுதிச் செய்தியில், அடுத்த பில்லிலிருந்துதான் அமலாகும் என்றிருந்தது. கால் சென்டரில் கேட்டபோதும் அதையே சொன்னார்கள்: வெளியாகிவிட்ட பில்லுக்குப் பழைய அமைப்புதான். சரி என்று ஆகஸ்ட் 16 அன்றே 17,620 ராண்டையும் கையால் மாற்றிக் கட்டிவிட்டேன். இதைச் செய்யாமல் விட்டால் இன்னொரு மாத வட்டி ஓடியிருக்கும். செப்டம்பரில் பழைய டெபிட் ஆர்டர் மறுபடி மினிமத்தை எடுத்தது. அது கார்டில் கூடுதலாக நின்று, பிறகு வாங்கியதில் கழிந்தது.

அடுத்த பில்லிலும் 39 ராண்டு வட்டி வந்தது. அது தவறல்ல. ஆகஸ்ட் 12க்கும் நான் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட நான்கு நாள் வட்டி. அதற்குப் பிறகு வரவில்லை. மாதத் தவணையாகப் பிரித்துக் கட்டும் பட்ஜெட் வசதியில் போட்ட செலவுக்கு மட்டும் எந்த அமைப்பு வைத்தாலும் வட்டி உண்டு.

முழுத் தொகை என்று வைத்தால் கெடு நாளில் கணக்கில் பணம் இருக்க வேண்டும். இல்லையென்றால் டெபிட் ஆர்டர் திரும்பும், அதற்குத் தனிக் கட்டணம். சம்பளம் 25ஆம் தேதி வருவதால் டெபிட் தேதியை அதற்கு அடுத்த நாளாக மாற்ற முடியுமா என்று கேட்டேன். என் கார்டில் கெடு தேதி பில் தேதியோடு பிணைந்தது என்றார்கள். அதனால் சம்பளம் வந்ததும் பில் தொகையை அந்தக் கணக்கில் ஒதுக்கி வைக்கிறேன்.